வடக்குப் பக்கத்துச் சிவப்பு

பெங்களூரில், பீன்யா பக்கம் ஏரியை ஒட்டிய ஒரு லேஅவுட்டில் எரிக்கைத் தெரியாதவர்கள் இல்லை. கோலார் தங்கவயலிலிருந்து வந்த குடும்பம். அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியதும் குடும்பத்தை இங்கே கூட்டிக்கொண்டு வந்து, ஒரு தொழிற்சாலையில் காவலாளியாகச் சேர்ந்து, மகனைப் படிக்க வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மகன் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு வெப்சைட் எழுதுகிறான். பச்சை மெட்ரோவில் ஏறி, மெஜஸ்டிக்கில் இறங்கி, ஊதா மெட்ரோ பிடித்து, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறவன். தெருவில் யாருக்குப் போன் ஹேங் ஆனாலும், ஆதாரில் பெயர் தப்பாக இருந்தாலும் எரிக்கைத்தான் கூப்பிடுவார்கள். அவனும் முகம் சுளிக்காமல் போவான். போவதில் அவனுக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெருமைதான் பிறகு அவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியது.

போன மழைக்காலத்தில், ஏரியைச் சுற்றி அளவெடுக்க ஆள் வரப்போகிறது, எல்லையிலிருந்து முப்பது மீட்டருக்குள் கட்டியதெல்லாம் போகும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எங்கிருந்து கிளம்பியது என்று யாருக்கும் தெரியாது. பயம் மட்டும் எல்லோர் வீட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. சங்கத் தலைவர் வெங்கடசாமி எரிக்கைக் கூப்பிட்டு, "ஏனப்பா, யார் வீடு உள்ள வருது, யார் வீடு வெளிய நிக்குதுன்னு பாத்துச் சொல்றதுக்கு கம்ப்யூட்டர்ல ஏதாச்சும் வழி இதியா?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்.

"இருக்கு சார். ரெண்டு நாள் குடுங்க," என்றான் எரிக்.

இரண்டு நாளில் செய்தும் விட்டான். பழைய வரைபடத்தைப் பார்த்து ஏரியின் எல்லையைத் திரையில் புள்ளி புள்ளியாகக் குத்தினான். வீடுகளையும் அப்படியே. டர்ஃப் என்று ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் இருக்கிறது. நிலத்தின் வடிவங்களை வைத்துக் கணக்குப் போடுவதுதான் அதன் வேலை. அதில் பஃபர் என்று சொன்னால், கொடுத்த வடிவத்தைச் சுற்றிலும் சொன்ன தூரத்துக்கு அகலப்படுத்தித் தரும். இன்டர்செக்ட் என்றால், இரண்டு வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் துண்டை வெட்டித் தரும். ஏரியா என்றால் அந்தத் துண்டின் பரப்பைச் சதுர மீட்டரில் சொல்லும். ஏரியை முப்பது மீட்டர் அகலப்படுத்து, வீட்டோடு வெட்டு, வெட்டிய துண்டு வீட்டில் எத்தனை சதவீதம் என்று வகு. ஏரியோடு சேர்த்து அகலப்படுத்திய பரப்பு முழுவதும் மேப்பில் சிவப்பாகத் தெரியும். தீர்ந்தது வேலை. தூரத்துக்கு மீட்டர் என்று அலகு சொல்லாவிட்டால் டர்ஃப் அதைக் கிலோமீட்டராக எடுத்துக்கொள்ளும். முப்பது கிலோமீட்டர் என்றால் பெங்களூரே ஏரிக்குள் போய்விடும். அந்தப் பள்ளத்தில் விழாமல் மீட்டர் என்று கவனமாக எழுதியதில் எரிக்குக்குத் தன்மேல் நல்ல மதிப்பு.

சங்கக் கூட்டத்தில் போனைத் தூக்கிக் காட்டினான். "இதுக்கு சர்வரே கிடையாது. எங்கயும் போய்க் கேக்காது. உங்க போன்லயே, உங்க பிரவுசர்லயே கணக்கு நடக்குது. வீட்டத் தொட்டாப் போதும்."

எல்லோரும் தொட்டார்கள். தப்பியவர்கள் சிரித்தார்கள், மாட்டியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அன்றிலிருந்து தெருவில் புதுப் பேச்சு ஒன்று புழங்க ஆரம்பித்தது. "அவங்க சிவப்புக்குள்ள."

தப்பில்லாமல் இருக்கிறதா என்று அவன் பார்க்காமலும் இல்லை. ஏரிக்கு மேற்கே இருந்த தன் வீட்டுப் பக்கம் டேப்பை எடுத்துப் போய் இழுத்துப் பார்த்தான். முப்பது மீட்டர் எங்கே முடிந்ததோ அங்கேதான் சிவப்பும் முடிந்தது. மற்ற பக்கங்களை அளக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஒரு பக்கம் சரியென்றால் நாலு பக்கமும் சரி என்றுதானே எவனும் நினைப்பான்?

லூர்துமேரி வடக்குப் பக்கத்துக்காரர். அவரும் தங்கவயல்தான். எரிக்கின் அம்மாவோடு ஒரே கோயிலில் பாட்டுக்குழுவில் பாடியவர். வீட்டுக்குப் பின்னால், ஏரியைப் பார்த்த பக்கம், ஷீட் போட்ட ஓர் அறை. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். தரையில் பாய், சுவரில் பிள்ளைகள் கிறுக்கிய கிறுக்கல், மூலையில் ஒரு தூளி. மத்தியானம் அந்தப் பக்கம் போனால் ரசம் சோற்று வாசமும் ஏழெட்டுப் பிள்ளைகளின் கூச்சலும் தெருவரைக்கும் வரும்.

அவருக்கு மேப் தொடத் தெரியாது. எரிக்கைக் கூப்பிட்டார்.

"எரிக்கு, என் ரூமு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுப்பா."

அவன் தொட்டான். அறை நூறு சதவீதம். வீடு மூன்று சதவீதம்.

"ரூமு முழுக்க உள்ள வருது ஆண்ட்டி. வீடு சும்மா ஓரமாத்தான்."

லூர்துமேரி பின்வாசலில் நின்று பார்த்தார். அந்தப் பக்கம் தண்ணீர் இல்லை. காய்ந்த சேறும் முள்ளுச்செடியும் லாரியில் வந்து கொட்டிய மண்ணும்தான். "ஏரி அவ்ளோ கிட்டியா வருது? அது எங்கியோ இல்ல இருக்கு?"

"அது பழைய எல்ல ஆண்ட்டி," என்றான் எரிக். "தண்ணி வத்திப் போவும். எல்ல வத்தாது."

அப்படியொரு வாக்கியம் தன் வாயிலிருந்து வந்ததில் அன்று அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. வீட்டுக்குப் போய் மனைவி ஜெனிஃபரிடம் அதைத் திருப்பிச் சொன்னான்.

சிவப்புக்குள் வருவதைத் தாங்களாகவே எடுத்துவிட்டால் மிச்ச வீட்டைத் தொடமாட்டார்கள் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். எரிக்கும் அதைத்தான் சொன்னான். "ரூம மட்டும் எடுத்துடுங்க. வீடு தப்பிச்சுடும்." லூர்துமேரி ஒரு வாரம் சாப்பிடாமல் கொள்ளாமல் யோசித்தார். பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டார். சனிக்கிழமை இடித்தார்கள். எரிக்குக்கு லீவுதானே, அவனும் போய்ச் செங்கல் எடுத்து அடுக்கினான். கையில் கிழித்துக்கொண்டான். லூர்துமேரி அவனுக்கு மஞ்சள் வைத்துவிட்டார். அம்மாக்கள் சிலர் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனையில் நின்று பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் காந்தா, தாழ்ந்த குரலில்தான், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏரி எடத்துல கட்டினா இப்பிடித்தான் ஆவும்," என்றாள். லூர்துமேரிக்கும் கேட்டது. அவர் தலை குனிந்தபடி உடையாத செங்கலைத் தனியாகப் பொறுக்கினார்.

அளவெடுக்க யாரும் வரவில்லை. பேச்சு அடங்கிப்போனது. சிவப்பு மட்டும் போகவில்லை.

ஒரு நாள் வெங்கடசாமி, "சதவீதம் எல்லார்க்கும் அர்த்த ஆகல்லப்பா. எத்தன சதுர அடி உள்ள வருதுன்னும் போடு," என்று கேட்டார். எரிக் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்தான். வீட்டின் மொத்தப் பரப்பையும் உள்ளே வரும் பரப்பையும், டர்ஃப் சொல்லும் சதுர மீட்டரிலிருந்து சதுர அடியாக மாற்றிக் காட்ட ஒரு வரி எழுதினான். முதலில் தன் வீட்டையே தொட்டான்.

முப்பதுக்கு நாற்பது அடி சைட். பெங்களூரில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆயிரத்து இருநூறு சதுர அடி என்பார்கள். திரை மொத்தமே இருநூற்று அறுபத்தாறு என்றது.

பெருக்கியதில்தான் பிழை என்று நினைத்தான். இல்லை. அடுத்த வீட்டைத் தொட்டான். அதுவும் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்லா வீடும் அப்படியே. சதவீதம் மட்டும் இதுவரை ஏன் ஒழுங்காகத் தெரிந்தது என்று யோசித்தான். வெட்டிய துண்டும் வீடும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தால் வகுத்த விடை மாறாது. சுருங்கியது எதனால்?

எதிரில் உட்கார்ந்திருந்த தர்ஷினி தயிர்சாத டப்பாவோடு எட்டிப் பார்த்தாள். சேலத்துப் பெண், அதே குழுவில் வேலை. "என்ன எரிக், ஏதோ பேயப் பாத்த மாதிரி உக்காந்துருக்கீங்க? காட்டுங்க." ஏரியின் புள்ளிகளைப் பார்த்தாள். "பதிமூணு, எழுபத்தேழு... லேட் முன்னாடி வெச்சிருக்கீங்களே. டர்ஃபுக்கு லாங் இல்ல முன்னாடி வரணும்?"

அவ்வளவுதான். மேப் வரைய அவன் பயன்படுத்தும் லீஃப்லெட்டுக்கு லேட் என்கிற அட்சரேகை முதலில், லாங் என்கிற தீர்க்கரேகை பிறகு. டர்ஃபுக்கு நேர் எதிர். லீஃப்லெட்டின் புள்ளிகளைக் கையாலேயே எடுத்து அப்படியே டர்ஃபுக்குக் கொடுத்திருக்கிறான். டர்ஃப் தந்ததை அப்படியே திருப்பி லீஃப்லெட்டுக்குக் கொடுத்திருக்கிறான். போகும்போது ஒரு தப்பு, வரும்போது ஒரு தப்பு. படத்தில் எல்லாம் பெங்களூரிலேயே, அதனதன் இடத்திலேயே தெரிந்தது. ஆனால் டர்ஃப் மட்டும் அந்த ஏரி வடதுருவத்துக்குப் பக்கத்தில், பனிக்கடலில் இருப்பதாக நம்பிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அங்கே தீர்க்கரேகைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். முப்பது மீட்டர் போக நிறைய டிகிரி நகர வேண்டும். அந்த டிகிரிகளைத் திருப்பிப் பெங்களூரில் வைத்தால் அவை வடக்கு தெற்காக விழுந்து நீண்டுவிடும். கிழக்கு மேற்கில் ஒரு மீட்டர்கூடத் தப்பாது. வடக்கிலும் தெற்கிலும் முப்பது மீட்டர் நூற்று முப்பதுக்கும் மேலே போய்விடும்.

அவன் டேப் இழுத்தது மேற்கில். லூர்துமேரி இருப்பது வடக்கில்.

ஏரியின் எல்லையைத் தனியாக ஒரு நீலக்கோடு போட்டுக் காட்டியிருந்தால், சிவப்பு ஒரு பக்கம் மெலிந்தும் ஒரு பக்கம் கொழுத்தும் நிற்பதைப் பார்க்கிற எவரும் பார்த்திருப்பார்கள். போடலாம் என்று நினைத்தான்தான். அழகாக இல்லை என்று விட்டுவிட்டான்.

"யாராச்சும் யூஸ் பண்றாங்களா இத?" என்றாள் தர்ஷினி.

"இல்ல," என்றான் எரிக். "சும்மா பண்ணது."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. தர்ஷினி டப்பாவைக் கழுவப் போய்விட்டாள். அவன் புள்ளிகளைச் சரியான வரிசைக்குத் திருப்பினான். தன் வீடு ஆயிரத்து இருநூறை ஒட்டி வந்தது. சிவப்பு வடக்கிலிருந்து பின்வாங்கி, முள்ளுச்செடிக்குள் போய் ஒடுங்கியது. ஒரு மாதமாக ஒரு தெருவையே மிரட்டிய சிவப்பு, சில வரிகள் மாற்றியதில் போய்விட்டது. சங்கத்து வாட்ஸாப் குழுவில் எழுதினான்: "மேப் அப்டேட் செய்யப்பட்டுள்ளது." செய்யப்பட்டுள்ளதாம். யார் செய்தது, எதற்குச் செய்தது என்றெல்லாம் அந்த வாக்கியத்தில் இல்லை. அதற்காகத்தான் அப்படி எழுதினான்.

மெட்ரோவில் திரும்பும்போது போன் நிற்காமல் சிணுங்கியது. வடக்குப் பக்கத்துக்காரர்கள் கைகூப்பிய படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். காந்தா, "எரிக் தம்பி நல்லா இருக்கணும்" என்று எழுதியிருந்தாள். யஷ்வந்தபுரம் தாண்டுவதற்குள் போனை அணைத்துப் பைக்குள் போட்டான். எதிரே கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது லூர்துமேரி பிடித்துக்கொண்டார். நல்ல சேலை, கையில் மெழுகுவர்த்தி எரிந்த வாசம்.

"எரிக்கு! வீட்டு மேல இருந்த செவப்பும் பூட்ச்சாமே. பாட்டுக்குழு பிரிஸில்லா பாத்து சொன்னா. நான் அந்தோணியாருக்கு வேண்டினு இருந்தேன். ரூம எடுத்ததுக்குத்தான் ஆண்டவர் வீட்டக் குடுத்துட்டாரு. உன் பேருக்கும் ஒரு மெழுகுவத்தி கொளுத்தினேன். நீ மட்டும் சொல்லலன்னா நான் பிடிவாதமா வெச்சினு இருந்திருப்பேன்."

ஜெனிஃபர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எரிக்கின் காது மடல் சுட்டது. தலையை ஆட்டினான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லவில்லை என்பது மட்டுமா? "சந்தோஷம் ஆண்ட்டி" என்றும் சொல்லித் தொலைத்தான். வண்டியை எடுக்கும்போது ஜெனிஃபர், "ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் மாட்டப்போன ஹெல்மெட்டை மறுபடி கையில் இறக்கினாள்.

"மெழுகுவத்தி வேற கொளுத்தியிருக்காங்க உனக்கு," என்றாள். பின் சீட்டில் ஏறவில்லை. "நான் ஆட்டோல போறேன். நீ மொதல்ல அவங்க வீட்டுக்குப் போ."

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சாயங்காலம் போனான். லூர்துமேரி பின்வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அறை இருந்த இடத்தில் சிமெண்ட் தரை மட்டும் கிடந்தது. தூளி கட்டிய கொக்கி, வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்த மிச்சச் செங்கலில் இன்னும் தொங்கியது.

"ஆண்ட்டி, செவப்பு வேண்டுதல்ல போவல. நான் தப்பா பண்ணியிருந்தேன். அத சரி பண்ணேன். அதான் போச்சு."

"என்னா தப்பு?"

அவன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். இப்போது நீலக்கோடும் போட்டிருந்தான். எந்த எண்ணை முன்னால் வைத்தான், எதைப் பின்னால் வைத்திருக்க வேண்டும், அதனால் வடக்கும் தெற்கும் எப்படி நீண்டன என்று சொன்னான். லூர்துமேரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். பாதி புரிந்திருக்கும். தேவையான பாதி புரிந்துவிட்டது.

"என் ரூமு?"

இடித்த பிறகு அவனே மேப்பில் அந்த அறையை அழித்திருந்தான். இப்போது பழைய புள்ளிகளை எடுத்துத் திரும்ப வைத்தான். சரியான சிவப்போடு வெட்டச் சொன்னான். இரண்டும் தொடாவிட்டால் இன்டர்செக்ட் எந்தத் துண்டையும் தராது. நல் என்று ஒரு சொல்தான் வரும். வந்தது.

"நல்லுன்னா?"

"ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம் ஆண்ட்டி. உங்க ரூமு மேல செவப்பு ஒரு துளி கூட இல்ல. நூறு மீட்டருக்கு மேல தள்ளி இருந்துச்சு."

லூர்துமேரி கீரைத்தட்டைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கி கேட்டனே எரிக்கு. ஏரி எங்கியோ இல்ல இருக்குன்னு. கேட்டனா இல்லியா?"

"கேட்டீங்க."

"நீ என்னா சொன்ன?"

அவன் லேப்டாப்பை மூடப் போனான். அவர் விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் தரையைப் பார்த்துச் சொன்னான். "தண்ணி வத்தும். எல்ல வத்தாதுன்னேன்."

"கல்லு வேற எடுத்து அடுக்கின," என்றார் லூர்துமேரி. "கையில அடிபட்டுச்சின்னு மஞ்சா வெச்சேன்."

எரிக்குக்கு அழுகை வந்தது. அழவும் கூச்சமாக இருந்தது. அழுதால் இந்த அம்மாள் அதற்கும் ஏதாவது மருந்து தேடிக்கொண்டு எழுந்துவிடுவார். "நான் கட்டித் தரேன் ஆண்ட்டி. மேஸ்திரிய நாளைக்கே..."

"கட்டுவ. கட்டித்தான் ஆவணும்." குரல் உயரவே இல்லை. "அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கு. ஏரி எடத்தப் புடிச்சவன்னு இந்தத் தெருவே என்ன சொல்லிச்சு. காந்தா சொன்னது எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? கடைக்குப் போனா, தலைல முக்காடு போட்டுனு வரணும் போல இருந்துச்சு. அத எடு மொதல்ல."

எரிக் அந்தப் படியிலேயே உட்கார்ந்து போனைத் திறந்தான். முதலில் "மேப்பில் ஒரு பிழை இருந்தது" என்று எழுதினான். பிழை தானே வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. அழித்தான். "நான் தப்பாகக் கணக்குப் போட்டேன். லூர்துமேரி ஆண்ட்டியின் அறை ஏரி எல்லைக்குள் இருந்ததே இல்லை. என் பேச்சைக் கேட்டுத்தான் இடித்தார். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. முந்தாநாள் சரிசெய்துவிட்டு, உங்களிடம் மறைத்தேன். எரிக்." உரக்கப் படித்துக் காட்டினான். கடைசி வரி வந்தபோது லூர்துமேரி நிமிர்ந்து பார்த்தார். அது அவருக்குத் தெரியாதது.

"முந்தாநாளே தெரியுமா? காலைல கோயில்ல நின்னியே?"

"தெரியும்."

அவர் முகத்தைத் திருப்பி, செங்கலில் தொங்கிய கொக்கியைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அனுப்பும் பொத்தானை அழுத்தினான். இந்த முறை போன் சிணுங்கவே இல்லை. எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

அவன் எழுந்துகொள்ளத் தெரியாமல் உட்கார்ந்திருந்தான். பக்கவாட்டுச் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கார்மென்ட்ஸ் பெண் ஒருத்தி, தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவள் குழுவில் இல்லை. அவளுக்கு மேப்பும் தெரியாது, சிவப்பும் தெரியாது.

"ஆண்ட்டி, பாப்பாவ மாமியார்ட்ட உட்டுப் பாத்தேன், ஒத்துக்கல. சூப்பர்வைசர் இனிமே லீவு போட்டா வராதன்னுட்டான். இன்னும் ரூமு இல்லியா? எப்ப ஆண்ட்டி சேத்துப்பீங்க?"

லூர்துமேரி கீரைத்தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு தண்டைக் கிள்ளினார்.

"இவன்தான் எங்க எரிக்கு," என்றார். "இவனக் கேளும்மா."

அந்தப் பெண் பிள்ளையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, மரியாதையோடு அவன் பக்கம் திரும்பி நின்றாள்.